எந்தப் பண்டத்தை மெனுவிலிருந்து எடுப்பது? ஒரு தட்டின் பங்களிப்பைக் கணக்கிடும் முறை

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் ஒரு சிறு காபிக்கடை நடத்தும் அம்மையார் ஒருவர், ஒரு மாலை தம் கடையின் மாதக் கணக்குத் தாளை என் முன் வைத்து, பனீர் சாண்ட்விச்சை மெனுவிலிருந்து எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். "மாசம் 680 ரூபா நஷ்டம்னு தாள்லயே இருக்கு சார், எதுக்கு வச்சுக்கிட்டு?" என்பது அவர் கேள்வி. தாளைத் தயாரித்துக் கொடுத்தவர் கூட்டல் கழித்தலில் எந்தப் பிழையும் செய்யவில்லை. ஆனாலும் அந்தத் தாளை நம்பிச் சாண்ட்விச்சை எடுத்திருந்தால், மாதம் 18,000 ரூபாய் மிஞ்சிய கடையில் 6,000 ரூபாய்தான் மிஞ்சியிருக்கும். இது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால், பங்களிப்பு என்ற கருத்து முழுவதும் பிடிபட்டுவிடும். கணக்கர்கள் இதைக் கான்ட்ரிபியூஷன் மார்ஜின் என்பார்கள். எண்களைத் தொடர்வது எளிதாக இருக்கட்டும் என்று அந்தக் கடையின் தொகைகளை முழு எண்களாக மாற்றி, ஆறு பண்டங்கள் மட்டுமே விற்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கடையின் செலவுகளை முதலில் இரண்டாகப் பிரிக்கவேண்டும். ஒரு தட்டு கூடுதலாக விற்றால் கூடுகிற, ஒரு தட்டு குறைந்தால் குறைகிற செலவு மாறும் செலவு. மாவு, பால், பனீர், வெண்ணெய், கேஸ், பார்சல் டப்பா, டிஷ்யூ ஆகியவை இதில் சேரும். எத்தனை தட்டு விற்றாலும் மாத முடிவில் கொடுத்தே தீரவேண்டிய செலவு நிலைச் செலவு. இந்தக் கடையில் வாடகை 22,000, சமையல்காரரின் சம்பளம் 22,000, உதவியாளருக்கு 14,000, பரிமாறுபவருக்கு 12,000, பிரிட்ஜ், விளக்கு, இணையம், துப்புரவு எல்லாம் சேர்த்து 8,000 என மொத்தம் 78,000 ரூபாய். சம்பளத்தை மாறும் செலவில் சேர்க்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மாதச் சம்பளம் வாங்கும் சமையல்காரர் இன்று பத்துத் தோசை குறைவாகச் சுட்டார் என்பதற்காக அவருக்குச் சம்பளம் குறைவதில்லை. ஆகவே அது நிலைச் செலவுதான். அதே கடைக்கு வெளியிலிருந்து ஒருவர் போளி செய்து, ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினால் அந்தக் கூலி மாறும் செலவு. செலவின் பெயரைப் பார்த்துப் பிரிக்கக்கூடாது. ஒரு தட்டு கூடும்போதும் குறையும்போதும் அது அசைகிறதா என்பதைப் பார்த்துத்தான் பிரிக்கவேண்டும்.

ஒரு தட்டின் விலையிலிருந்து அந்தத் தட்டின் மாறும் செலவைக் கழித்தால் வருவது அதன் பங்களிப்பு. அந்தத் தொகைதான் 78,000 ரூபாய் நிலைச் செலவை அடைப்பதற்கும், அடைத்த பிறகு உரிமையாளருக்கு மிஞ்சுவதற்கும் அந்தத் தட்டு கொடுக்கிற பங்கு. விலை என்னும்போது கடைக்கு உண்மையில் சேரும் தொகையையே எடுத்துக்கொள்ளவேண்டும். இந்தக் கடையில் 5 சதவீத ஜிஎஸ்டியைப் பில்லில் தனியாகச் சேர்ப்பதால், மெனுவில் உள்ள விலை அப்படியே கடைக்கு வருகிறது. வரியை உள்ளடக்கி 100 ரூபாய் என்று விலை போட்டிருந்தால் கடைக்குச் சேர்வது 95 ரூபாய் 24 காசுதான். ஜிஎஸ்டியில் சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடை வாடிக்கையாளரிடம் வரி வாங்க முடியாது. விற்பனையில் 5 சதவீதத்தைத் தன் கையிலிருந்து கட்டவேண்டும், எனவே அது அந்தக் கடைக்கு ஒரு மாறும் செலவு. இந்த இரு வகை உணவகங்களும் பொருள் வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்பதால், சீஸுக்கும் டப்பாவுக்கும் வரியோடு கொடுத்த முழுத் தொகையையே செலவாக எழுதவேண்டும்.

இனிப் பனீர் சாண்ட்விச்சின் மாறும் செலவைத் தட்டிலிருந்தே கணக்கிடுவோம். விலை 130 ரூபாய். பிரெட் பாக்கெட் 60 ரூபாய். அதில் இருபது துண்டு இருந்தாலும் இரு முனைகளிலும் உள்ள தடித்த துண்டுகள் சாண்ட்விச்சுக்கு உதவாததால் 60 ரூபாயைப் பதினெட்டால்தான் வகுக்கவேண்டும், அப்போது இரண்டு துண்டுக்கு 6 ரூபாய் 70 காசு வருகிறது. குடைமிளகாயும் அப்படியே: கிலோ 60 ரூபாய்க்கு வாங்கிக் காம்பையும் விதையையும் நீக்கினால் 800 கிராம்தான் நிற்கிறது, ஆகவே சமையலுக்கு வரும் குடைமிளகாயின் உண்மை விலை கிலோ 75 ரூபாய். வெங்காயம், தக்காளி சேர்த்துக் காய்களுக்கு 3 ரூபாய் 75 காசு ஆகிறது. வெண்ணெய் 12 கிராமுக்கு 7 ரூபாய் 20 காசு, ஒரு சீஸ் துண்டு 14 ரூபாய், புதினாச் சட்னியும் மயோனைஸும் 5 ரூபாய், கிரில்லுக்கான மின்சாரமும் டிஷ்யூவும் 2 ரூபாய்.

பனீரில்தான் நாங்கள் சற்று நேரம் நின்றோம். செய்முறைத் தாளில் 80 கிராம் என்று எழுதியிருந்தது, கிலோ 380 ரூபாய்க்கு அது 30 ரூபாய் 40 காசு. சமையல்காரர் வழக்கம்போல் வெட்டி வைத்த பத்துச் சாண்ட்விச்சின் பனீரை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தபோது சராசரியாக 100 கிராம் இருந்தது. அவர் மேல் தவறில்லை; கடை திறந்த நாளிலிருந்து யாரும் அவரிடம் தராசு கொடுக்கவில்லை. ஆகவே பனீருக்கு 38 ரூபாய். அதன் மேல், அந்த மாதம் வாங்கியது 26 கிலோ, 240 சாண்ட்விச்சுக்குச் செலவானது 24 கிலோ, மீதி 2 கிலோ புளித்தும் உதிர்ந்தும் போயிருந்தது. அந்த 760 ரூபாயை 240 தட்டுகளுக்குப் பகிர்ந்தால் தட்டுக்கு ஏறத்தாழ 3 ரூபாய் 20 காசு. எல்லாவற்றையும் கூட்டினால் 79 ரூபாய் 85 காசு வருகிறது. 80 என்று வைத்துக்கொள்வோம். பங்களிப்பு 50 ரூபாய்.

செய்முறைத் தாளை மட்டும் நம்பியிருந்தால் பங்களிப்பு 60 ரூபாய்க்கு மேல் என்று தோன்றியிருக்கும். எனவே ஒரு பண்டத்தின் செலவைக் கணக்கிடும்போது, அதில் மிகுந்த விலையுள்ள ஒன்றிரண்டு பொருள்களையாவது உண்மையாக எடைபோட்டுப் பார்க்கவேண்டும். எல்லாவற்றையும் எடைபோடத் தேவையில்லை. ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி கிலோ 20 ரூபாயிலிருந்து 100 ரூபாய்க்கு ஏறினாலும், 20 கிராம் தக்காளி போடுகிற இந்தச் சாண்ட்விச்சில் 1 ரூபாய் 60 காசுதான் கூடும். பனீர் கிலோவுக்கு 40 ரூபாய் ஏறினால் 4 ரூபாய் கூடிவிடும். தக்காளித் தொக்கு விற்கும் கடைக்குக் கதை வேறு.

கேஸை எப்படிப் பண்டத்துக்குப் பண்டம் பிரிப்பது என்று பலர் தயங்குகிறார்கள். வணிகச் சிலிண்டரில் 19 கிலோ இருக்கிறது. விலை 1,900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோ 100 ரூபாய். தோசை மட்டும் சுடுகிற காலை நேரத்தில் சிலிண்டரை முன்னும் பின்னும் எடைபோட்டுக் குறைந்த எடையைச் சுட்ட தோசைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், தோசை ஒன்றுக்கு 30 கிராம் அளவில், அதாவது 3 ரூபாய் என்று கிடைத்தது. இதற்கு மேல் துல்லியம் வேண்டியதில்லை.

இப்படி ஆறு பண்டங்களுக்கும் கணக்கிட்டபின் வந்த பட்டியல் இது:

| பண்டம் | விலை | மாறும் செலவு | பங்களிப்பு | மாத விற்பனை | மாதப் பங்களிப்பு |
|---|---|---|---|---|---|
| பில்டர் காபி | 25 | 10.50 | 14.50 | 3,000 | 43,500 |
| ராகி தோசை | 70 | 26 | 44 | 600 | 26,400 |
| பனீர் சாண்ட்விச் | 130 | 80 | 50 | 240 | 12,000 |
| மாம்பழ மில்க்‌ஷேக் | 90 | 48 | 42 | 300 | 12,600 |
| ஒயிட் சாஸ் பாஸ்தா | 150 | 84 | 66 | 45 | 2,970 |
| முட்டை பப்ஸ் | 25 | 16 | 9 | 400 | 3,600 |

கடைசி நெடுவரிசையில் பாஸ்தா, பப்ஸ் ஆகிய இரண்டின் எண்கள் தாளில் உள்ளவை மட்டுமே. அவற்றில் வீணாகும் சரக்கு இன்னும் கழிக்கப்படவில்லை. கழித்தபின் பாஸ்தா 1,098 ரூபாயும் பப்ஸ் 400 ரூபாயும்தான் தருகின்றன என்பதைப் பின்னால் காட்டுகிறேன். அந்த எண்களோடு கூட்டினால் கடையின் மொத்தப் பங்களிப்பு 95,998 ரூபாய், நிலைச் செலவு 78,000 போக உரிமையாளருக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 18,000.

முதலில் சாண்ட்விச்சுக்கு வருவோம். மாதம் 12,000 ரூபாய் தரும் பண்டம் எப்படி நஷ்டமாகத் தெரிந்தது? கடையின் மொத்த விற்பனை 1,91,950 ரூபாய். தாளைத் தயாரித்தவர் 78,000 ரூபாய் நிலைச் செலவை இந்த விற்பனையின் விகிதத்தில், அதாவது ரூபாய்க்கு ஏறத்தாழ 40.6 காசு வீதம், ஒவ்வொரு பண்டத்தின் தலையிலும் ஏற்றிவிட்டார். சாண்ட்விச்சின் விற்பனை 31,200 என்பதால் அதன் பங்கு 12,680 ரூபாய். அதன் பங்களிப்பு 12,000. ஆகவே 680 ரூபாய் நஷ்டம் என்று முடிந்தது. ஆனால் சாண்ட்விச்சை நிறுத்தினால் வீட்டுக்காரர் வாடகையில் 12,680 ரூபாய் குறைத்துக்கொள்வாரா, அல்லது சமையல்காரர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை வேண்டாம் என்பாரா? ஒரு ரூபாயும் குறையாது. போவது 12,000 ரூபாய்ப் பங்களிப்பு மட்டுமே, ஆகவே 18,000 மிச்சம் 6,000 ஆகிவிடும்.

இதைவிடக் கவலை தருவது அடுத்த மாதத் தாள். சாண்ட்விச் இல்லாமல் விற்பனை 1,60,750 ரூபாய் ஆகும். அதே 78,000 ரூபாய் இப்போது ரூபாய்க்கு 48.5 காசு வீதம் மீதிப் பண்டங்கள் மேல் ஏறும். மில்க்‌ஷேக்கின் பங்கு 10,970 ரூபாயிலிருந்து 13,100 ஆகிவிடும். அதன் பங்களிப்போ 12,600. அதாவது சென்ற மாதம் லாபம் காட்டிய மில்க்‌ஷேக், தன்னளவில் எதுவும் மாறாமலேயே, 500 ரூபாய் நஷ்டத்தில் நிற்கும். அதையும் எடுத்தால் அதற்கடுத்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த பண்டங்களை இப்படி ஒவ்வொன்றாக எடுத்து, காபியோடு நின்றுபோன கடைகளை நான் பார்த்திருக்கிறேன். பண்டத்தை எடுக்கலாமா என்ற கேள்விக்கு நிலைச் செலவைப் பகிர்ந்த தாள் பதில் சொல்லாது. அதை வைத்து விலை நிர்ணயம் பற்றிப் பொதுவாக யோசிக்கலாம். எடுப்பது பற்றி முடிவு செய்யக்கூடாது.

மூலப்பொருள் சதவீதத்தை வைத்து முடிவெடுப்பதும் இதே போன்ற தடுமாற்றத்தில் கொண்டுவிடும். சாண்ட்விச்சில் விலையின் 61 சதவீதத்துக்கு மேல் செலவாகிறது, காபியில் 42 சதவீதம்தான். ஆகவே காபிதான் நல்ல பண்டம், சாண்ட்விச் கெட்ட பண்டம் என்று தோன்றும். வாடகை கட்டுவது சதவீதத்தில் அல்ல, ரூபாயில். சாண்ட்விச் கேட்டவர் அதற்குப் பதிலாகக் காபி மட்டும் குடித்துவிட்டுப் போனால் 50 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 14 ரூபாய் 50 காசுதான் வருகிறது.

அடுத்தது பாஸ்தா. பட்டியலில் தட்டுக்கு மிக அதிகமான பங்களிப்புத் தருவது அதுதான், 66 ரூபாய். 1982-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டு இன்றும் உணவக மேலாண்மை வகுப்புகளில் சொல்லித்தரப்படும், பண்டங்களை நான்கு கட்டங்களில் பிரித்துப் போடும் முறையில், இப்படிப் பங்களிப்பு மிகுந்து விற்பனை குறைந்த பண்டத்தைப் புதிர் என்று குறித்து, அதை மெனுவில் எடுப்பான இடத்தில் போட்டு விற்றுப் பார்க்கச் சொல்வார்கள். பயனுள்ள முறைதான். ஆனால் குறைவாக விற்கும் பண்டத்துக்கு வாங்கிய சரக்கு என்ன ஆகிறது என்று அந்தக் கட்டங்கள் கேட்பதில்லை, சிறு கடையில் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.

மாதம் 45 தட்டு என்றால் நாளுக்கு ஒன்றரைத் தட்டு. தட்டுக்கு 80 மில்லி பிரெஷ் கிரீம் வீதம் மாதம் 3.6 லிட்டர் தேவை. கடையில் வாங்கியது 230 ரூபாய் விலையுள்ள 1 லிட்டர் பாக்கெட். பிரித்த பாக்கெட்டை பிரிட்ஜில் மூன்று நாள்தான் வைத்துப் பயன்படுத்துகிறார்கள், ஆகவே மாதம் பத்துப் பாக்கெட் பிரிக்கிறார்கள், அதில் 6.4 லிட்டர் கொட்டப்படுகிறது. அது 1,472 ரூபாய். பாஸ்தாவுக்கென்றே வாங்கும் காளானும் அப்படித்தான்: 50 ரூபாய் விலையுள்ள பதினைந்து டப்பாவில் எட்டு வாடிப்போகிறது, 400 ரூபாய். இந்த 1,872 ரூபாயும் பாஸ்தா இருப்பதால் மட்டுமே வரும் செலவு; செய்முறைத் தாளில் தட்டுக்கு இத்தனை மில்லி என்று எழுதும்போது இது எங்கும் தென்படாது. 2,970 ரூபாயிலிருந்து இதைக் கழித்தால்தான் நான் முன்பு சொன்ன 1,098 வருகிறது. கடையில் இது நடக்கிறதா என்று அறிய எளிய வழி, ஒரு மாதம் வாங்கிய அளவையும், விற்ற தட்டுகளை செய்முறை அளவால் பெருக்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது. இரண்டும் நெருங்கி நின்றால் பரவாயில்லை. 10 லிட்டருக்கு எதிரே 3.6 லிட்டர் நின்றால் பங்களிப்பைத் திருத்தி எழுதவேண்டும்.

உடனே பாஸ்தாவை எடுத்துவிடச் சொல்வதும் அவசரம். அதே கிரீம் 200 மில்லி பாக்கெட்டாகக் கிடைக்கிறது. விலை 70 ரூபாய், லிட்டர் கணக்கில் 350 ரூபாய் ஆகிறது. விலை அதிகம் என்று உரிமையாளர் அதை வாங்காமல் இருந்தார். சிறு பாக்கெட்டில் மிச்சமாவது சிறிதே என்பதால் மாதம் 21 பாக்கெட், 1,470 ரூபாய் போதும். பத்துப் பெரிய பாக்கெட்டுக்குக் கொடுத்தது 2,300. லிட்டருக்கு 120 ரூபாய் அதிகம் கொடுத்து மாதம் 830 ரூபாய் மிச்சப்படுத்தலாம். பாஸ்தாவின் பங்களிப்பு 1,928 ஆக உயர்கிறது. ஒரு பண்டத்தை எடுப்பதா என்று கேட்கும்முன் அதை ஒழுங்காகச் செய்தால் என்ன தரும் என்பதைக் கணக்கிட்டுவிடவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இல்லையென்றால் கொள்முதலின் குறையைப் பண்டத்தின் குறையாக எண்ணிவிடுவோம்.

இந்தக் கடையில் பாஸ்தாவின் உண்மையான சிக்கல் சமையல்காரரின் நேரம். சமைப்பவர் ஒருவர்தான். சாஸைக் கிளறி முடிக்கும்வரை பத்து நிமிடம் அவர் அந்த வாணலியை விட்டு நகர முடியாது, தோசைக்கல் சும்மா கிடக்கும். தோசைக்கு மூன்று நிமிடம். பத்து நிமிடத்தில் பாஸ்தா 66 ரூபாய் தருகிறது. அதே நேரத்தில் மூன்று தோசை 132 ரூபாய் தருகிறது. பிற்பகல் 3 மணிக்குக் கடையில் ஆள் இல்லாதபோது இந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை, ஏனெனில் அப்போது அவர் நேரம் எதற்கும் போட்டியில் இல்லை. மாலை 6 மணி முதல் 8 மணி வரை, இடமில்லாமலும் தாமதத்தாலும் ஆட்கள் திரும்பிப் போகும்போது மட்டுமே நிமிடத்துக்கு எவ்வளவு என்று பார்க்கவேண்டும். பில்களைப் பிரித்துப் பார்த்ததில் 45 தட்டில் 30 தட்டு அந்த இரண்டு மணி நேரத்தில்தான் விற்றிருந்தது.

கணக்கில் தெரியாத ஒன்று மிஞ்சியிருந்தது: பாஸ்தா இல்லை என்று சொன்னால் கேட்டவர் என்ன செய்வார்? இதை ஊகிப்பதைவிடச் சோதித்துப் பார்ப்பது மலிவு. மெனுவில் பாஸ்தா இருந்த வரியின் மேல் ஒரு தாளை ஒட்டி, இரண்டு வாரம், கேட்டவர்கள் ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்று பரிமாறுபவர் ஒரு நோட்டில் கோடு போட்டு வந்தார். 22 பேர் கேட்டார்கள். 7 பேர் சாண்ட்விச்சும் 10 பேர் ராகி தோசையும் வாங்கினார்கள். 3 பேர் காபியோடு நின்றார்கள். 2 பேர் எழுந்து போய்விட்டார்கள். மாறியவர்களால் வந்த பங்களிப்பு 350-உம் 440-உம் சேர்ந்து 790 ரூபாய். இரண்டு வாரப் பாஸ்தாவின் பங்களிப்பான 964 ரூபாய் போயிற்று. போய்விட்ட இருவர் கூடவே வாங்கியிருக்கக்கூடிய காபி முதலியவற்றுக்கு 120 ரூபாயையும் இழப்பில் சேர்த்துக்கொண்டோம். இதுவரை பார்த்தால் பாஸ்தாவை எடுப்பதில் 294 ரூபாய் நஷ்டம்.

அதே இரு வாரங்களில் மாலை நேரத் தோசை 140-இலிருந்து 168 ஆகியிருந்தது. பாஸ்தாவிலிருந்து மாறிய 10 பேரையும் மாலையில் வந்தவர்களாகவே வைத்துக் கழித்தாலும் 18 தோசை கூடுதல், 792 ரூபாய். எல்லாம் சேர்த்துப் பார்க்கையில் இரண்டு வாரத்தில் ஏறத்தாழ 500 ரூபாய் ஆதாயம். ஒப்பிட்ட முந்தைய இரு வாரங்களிலும் இந்த இரு வாரங்களிலும் பண்டிகையோ நீண்ட விடுமுறையோ இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இதை ஏற்றோம். மாங்காய் அறுவடைக் காலத்தையும் சாதாரண மாதத்தையும் ஒப்பிட்டிருந்தால் இந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. பகலில் மட்டும் பாஸ்தா வைக்கலாமே என்று உரிமையாளர் கேட்டார். பகலில் விற்கும் 15 தட்டு 990 ரூபாய் தரும், ஆனால் தட்டு குறையக் குறையச் சிறு பாக்கெட்டும் காளானும்கூட வீணாகத் தொடங்குவதால் அதில் 200 ரூபாய்கூட நிற்கவில்லை. பாஸ்தா மெனுவிலிருந்து போயிற்று.

முட்டை பப்ஸ் இதற்கு நேர்மாறானது. அதைக் கடையில் செய்வதில்லை. பேக்கரியிலிருந்து தினமும் 20 வாங்குகிறார்கள், ஒன்று 16 ரூபாய், விற்பது 25, மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. மாதம் 600 வாங்கி 400 விற்றார்கள். கொடுத்தது 9,600, வந்தது 10,000, மிஞ்சியது 400 ரூபாய். பட்டியலில் மிகக் குறைவான பங்களிப்பு இதுதான் என்பதால் எல்லோருக்கும் முதலில் எடுக்கத் தோன்றும். 400 பப்ஸில் 280 காபியோடு சேர்ந்தே பில்லாகியிருந்தது. பப்ஸ் இல்லாவிட்டாலும் அவர்களில் பலர் காபிக்கு வந்திருப்பார்கள், ஆகவே 280 காபியின் பங்களிப்பையும் பப்ஸின் கணக்கில் எழுதுவது தவறு. ஆனால் சிலராவது பப்ஸுக்காகவே வருகிறார்கள் என்பதையும் மறுக்க முடியாது. எத்தனை பேர் என்று தெரியாத இடத்தில், முதலில் வீணாவதைக் குறைப்பதே பாதுகாப்பு.

எத்தனை வாங்குவது என்பதற்கு அந்த இரண்டு எண்களே வழி சொல்கின்றன. கூடுதலாக வாங்கும் ஒரு பப்ஸ் விற்றால் 9 ரூபாய் வரும், விற்காவிட்டால் 16 ரூபாய் போகும். அது விற்கும் வாய்ப்பு 25-க்கு 16, அதாவது 64 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அதை வாங்குவது தகும். முப்பது நாள் நோட்டைப் புரட்டி, எத்தனை நாள் குறைந்தது 10 விற்றது, எத்தனை நாள் 11, எத்தனை நாள் 12 என்று எண்ணிக்கொண்டே போனால், 12 வரை இருபது நாளுக்குக் குறையாமல் விற்றிருந்தது. 13-ஆவது பதினெட்டு நாள்தான் விற்றிருந்தது. முப்பதில் இருபது நாள் என்பது 64 சதவீதத்தைத் தாண்டுகிறது, பதினெட்டு தாண்டவில்லை. ஆகவே தினமும் 12.

12 மட்டும் வாங்கும்போது சில நாள் மாலை 5 மணிக்கே தீர்ந்துவிடுகிறது, கேட்டு வருபவருக்கு இல்லை என்று சொல்லவேண்டியிருக்கிறது, அது உரிமையாளருக்கு முதல் வாரம் மிகவும் வருத்தமாக இருந்தது. ஆனால் அந்த மாதம் 360 வாங்கியதில் 330 விற்றது: 8,250 ரூபாய் வரவு, 5,760 ரூபாய் செலவு, பங்களிப்பு 2,490. முன்பைவிட 70 பப்ஸ் குறைவாக விற்று 2,090 ரூபாய் அதிகம் வந்திருந்தது. பப்ஸ் மெனுவில் இருக்கிறது. சனிக்கிழமைகளுக்கு மட்டும் எண்ணிக்கையைத் தனியாகக் கணக்கிடலாமா என்று இப்போது அந்த நோட்டில் கிழமையையும் எழுதி வருகிறார்கள்.